தீக்காய நோயாளிக்கு எவ்வளவு உணவு வேண்டும்? காயத்தின் வழியே போவதை எப்படி எழுதி வைப்பது?

"தீக்காயம்னா நிறைய புரோட்டீன் கொடுங்க, நிறைய கலோரி கொடுங்க." வார்டில் பலரும் சொல்வது இது. தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் எவ்வளவு நிறைய? எது வரைக்கும்? கொடுத்தது போதவில்லை என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வது? இங்கேதான் பேச்சு தளர்ந்துபோகிறது. ஒருவர் பழைய சூத்திரத்தைப் போட்டு 2900 கலோரி என்கிறார். இன்னொருவர் கணக்கில் 1950 வருகிறது. காயத்திலிருந்து ஊறும் நீரோடு புரதமும் போகிறது என்று எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள், ஆனால் நோயாளியின் சார்ட்டில் அதற்கு ஒரு வரிகூட இருப்பதில்லை.

செவிலியம், உணவியல், மருத்துவம் ஆகியவற்றில் புதிதாகக் கால்வைப்பவர்களுக்கும், தங்கள் வீட்டு நோயாளிக்கு என்ன கணக்குப் போடுகிறார்கள் என்று புரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்கும் இந்தக் கட்டுரை. இங்குள்ள எண்கள் வயது வந்தவர்களுக்கானவை. கலோரி என்று சொல்வதெல்லாம் கிலோகலோரிதான். குழந்தைகளுக்கு வேறு சமன்பாடுகள் உண்டு. வீட்டில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாங்களாகவே உணவை மாற்ற வேண்டாம், சிகிச்சைக் குழுவிடம் சரியான கேள்வி கேட்க இது உதவும்.

## விரிசல் விட்ட தொட்டி

மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே வரும் குழாயில் எவ்வளவு வருகிறது என்று தெரியும். வெளியே போகும் குழாயில் மீட்டர் இருக்கிறது. இரண்டும் சமமாக இருந்தால் தொட்டியின் மட்டம் மாறக்கூடாது. ஆனால் மட்டம் தினமும் இறங்குகிறது. தொட்டியின் சுவரில் விரிசல் இருக்கிறது, அதில் மீட்டர் இல்லை என்பதுதான் காரணம்.

தீக்காய நோயாளியின் உடலில் புரதத்தின் கதை இதுதான். உள்ளே வரும் குழாய் உணவு. மீட்டர் உள்ள குழாய் சிறுநீர். புரதம் உடைந்தபின் மிஞ்சும் நைட்ரஜனில் பெரும்பகுதி சிறுநீரில் யூரியாவாக வெளியேறுவதால் அதை ஆய்வகத்தில் அளந்துவிடலாம். விரிசல் என்பது திறந்திருக்கும் காயம். தோல் இல்லாத இடத்தில் ரத்தக் குழாய்களிலிருந்து கசியும் நீரில் ஆல்புமின் முதலான புரதங்கள் கரைந்திருக்கின்றன. அது கட்டுத் துணியில் ஊறி குப்பைக்குப் போகிறது. சிறுநீரை மட்டும் அளப்பவருக்கு அந்த இழப்பு தெரியவே தெரியாது.

விரிசலைத் தவிர இன்னொன்றும் நடக்கிறது. பெரிய தீக்காயத்துக்குப் பிறகு அட்ரீனலின், கார்ட்டிசால், குளுக்ககான் போன்ற ஹார்மோன்களும் அழற்சியைத் தூண்டும் பொருட்களும் உயர்ந்தபடியே இருக்கின்றன. இதயம் வேகமாகத் துடிக்கிறது, உடல் அதிக வெப்பத்தை உண்டாக்குகிறது, தசை உடைந்து அமினோ அமிலங்களாக ரத்தத்தில் கலக்கிறது. படுத்திருக்கும்போதே உடல் அதிகம் செலவழிக்கும் இந்த நிலைக்கு மிகை வளர்சிதை மாற்றம் என்று பெயர். காயம் மூடிய அன்றே இது நின்றுவிடுவதில்லை. பெரிய காயங்களில் மாதக்கணக்கில் தொடரும்.

ஆக இரண்டு வேறு விஷயங்கள். ஒன்று, உடலின் செலவே கூடிவிட்டது. மற்றொன்று, காயத்தின் வழியே புரதம் வெளியே போகிறது. இரண்டையும் ஒரே கணக்கில் குழப்பிப் போடுவதுதான் பெரும்பாலான தவறுகளுக்கு மூலம்.

## முதலில் கலோரி

செலவைத் தெரிந்துகொள்ள மிக நம்பகமான வழி அளப்பதுதான். நோயாளி உள்ளிழுக்கும் ஆக்சிஜன் எவ்வளவு, வெளிவிடும் கரியமில வாயு எவ்வளவு என்று ஒரு கருவி அளந்து, அதிலிருந்து உடல் எரிக்கும் கலோரியைக் கணக்கிடுகிறது. இதை மறைமுகக் கலோரிமானி என்பார்கள். கருவி இருந்தால் சூத்திரங்களைத் தேட வேண்டியதில்லை. எல்லா இடங்களிலும் இருப்பதில்லை என்பதால்தான் சமன்பாடுகள் வேண்டியிருக்கின்றன.

1974இல் வந்த கரேரி சூத்திரம் எளிமையானது. எடையை 25ஆல் பெருக்கி, தீக்காயச் சதவீதத்தை 40ஆல் பெருக்கி, இரண்டையும் கூட்டினால் போதும். மனப்பாடமாகச் சொல்லிவிடலாம் என்பதாலேயே இன்னும் உயிரோடு இருக்கிறது. அது உருவான காலத்தில் இறந்த தோலைச் சீக்கிரமே வெட்டி நீக்கி ஒட்டுத்தோல் வைக்கும் பழக்கம் பரவலாகியிருக்கவில்லை. இன்றைய சிகிச்சையில் அந்தச் சூத்திரம் உண்மையான தேவைக்கு மேலேயே காட்டுகிறது. நாளுக்கு நாள் தேவை மாறுவதையும் அது கணக்கில் எடுப்பதில்லை.

1990இல் வெளியான டொரொன்டோ சமன்பாடு தீக்காய நோயாளிகளை நேரடியாக அளந்து உருவாக்கப்பட்டது. கலோரிமானி இல்லாத இடத்தில் வயது வந்தவர்களுக்கு இதைப் பயன்படுத்தச் சொல்லி ஐரோப்பிய ஊட்டச்சத்து வழிகாட்டுதலும் பரிந்துரைக்கிறது.

```
ஒரு நாள் செலவு (கிலோகலோரி) =
  - 4343
  + (10.5 × தீக்காயச் சதவீதம்)
  + (0.23 × கடந்த 24 மணி நேரத்தில் உள்ளே போன கலோரி)
  + (0.84 × அடிப்படைச் செலவு)
  + (114 × கடந்த 24 மணி நேரச் சராசரி வெப்பநிலை, °C)
  - (4.5 × காயம்பட்டு ஆன நாட்கள்)
```

பார்க்க மிரட்டும், ஆனால் ஒவ்வொரு வரியும் ஒரு நியாயத்தைச் சொல்கிறது. தீக்காயச் சதவீதம் என்பது மொத்த உடற்பரப்பில் எத்தனை பங்கு வெந்தது என்பது. இங்கே முதல் நாள் மதிப்பிட்ட அளவைத்தான் போட வேண்டும். இன்று எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை அல்ல, ஏனென்றால் நாட்கள் செல்லச் செல்லச் செலவு குறைவதைக் கடைசி வரி கவனித்துக்கொள்கிறது. வெப்பநிலை ஒரு டிகிரி ஏறினால் 114 கலோரி கூடுகிறது, ஆகவே காய்ச்சல் வந்த நாளில் கணக்கும் மாறும். உள்ளே போன கலோரியும் சமன்பாட்டில் இருப்பதற்குக் காரணம், உணவைச் செரித்துப் பயன்படுத்தவே உடல் கொஞ்சம் செலவழிப்பதுதான். அடிப்படைச் செலவு என்பது ஆரோக்கியமான நிலையில் அசையாமல் படுத்திருந்தால் அதே எடை, உயரம், வயது கொண்ட ஒருவருக்கு ஆகும் செலவு. 1919இல் வந்த ஹாரிஸ்–பெனடிக்ட் சமன்பாட்டில் அது கிடைக்கும்.

```
ஆண்:  66.5 + (13.75 × எடை கிலோ) + (5.003 × உயரம் செ.மீ.) - (6.755 × வயது)
பெண்: 655.1 + (9.563 × எடை கிலோ) + (1.850 × உயரம் செ.மீ.) - (4.676 × வயது)
```

எடை என்ற இடத்தில் ஒரு பொறி இருக்கிறது. பெரிய தீக்காயத்துக்கு முதல் இரண்டு நாட்களில் லிட்டர் கணக்கில் நரம்பு வழியாகத் திரவம் ஏற்றுவார்கள். உடல் வீங்கி எடை பல கிலோ ஏறிவிடும். அந்த எடையைப் போட்டால் கணக்குப் பாழ். காயம்படுவதற்கு முன்பிருந்த எடையை நோயாளியிடமோ வீட்டாரிடமோ கேட்டு, "காயத்துக்கு முந்தைய எடை, மகன் சொன்னது" என்று மூலத்தோடு எழுதி வைக்க வேண்டும்.

இதுவரை சொன்னது: அளக்க முடிந்தால் அளக்கவும். முடியாவிட்டால் டொரொன்டோ சமன்பாட்டில் முதல் நாள் தீக்காயச் சதவீதத்தையும் பழைய எடையையும் போடவும். வெப்பநிலையும் நாளும் மாறுவதால் விடையும் மாறும்.

## ஒரு நோயாளியின் கணக்கு

எண்களோடு பார்த்தால்தான் இது மனதில் நிற்கும். கணக்குக்காக ஒரு நோயாளியை எடுத்துக்கொள்வோம். ஆண், 40 வயது, 165 செ.மீ. உயரம், காயத்துக்கு முந்தைய எடை 60 கிலோ. முதல் நாள் மதிப்பீட்டில் 35 சதவீதத் தீக்காயம். இன்று 10ஆம் நாள். கடந்த 24 மணி நேரச் சராசரி வெப்பநிலை 38.2. அந்த 24 மணி நேரத்தில் உண்மையில் உள்ளே போனது 1800 கலோரி.

அடிப்படைச் செலவு: 66.5 + 825 + 825.5 − 270.2. ஏறக்குறைய 1447 கலோரி.

டொரொன்டோ: −4343 + 367.5 + 414 + 1215.5 + 4354.8 − 45. விடை சுமார் 1964 கலோரி.

இது படுக்கையில் இருக்கும் நிலைக்கான எண். நோயாளியை எழுப்பி நடக்க வைக்கிறார்கள், உடற்பயிற்சி சிகிச்சை தொடங்கிவிட்டது என்றால் குழு அதற்கு மேல் கொஞ்சம் கூட்டும். இவருக்கு ஏறத்தாழ 10 சதவீதம் கூட்டி 2150 என்று இலக்கு வைத்தார்கள் என்று கொள்வோம்.

அதே மனிதருக்குக் கரேரி சூத்திரம் என்ன சொல்கிறது? 25 × 60 = 1500, 40 × 35 = 1400, மொத்தம் 2900. இலக்கைவிட 750 கலோரி அதிகம். "அதிகம் போனால் என்ன, நல்லதுதானே" என்று தோன்றும். அப்படியல்ல. உடலால் பயன்படுத்த முடியாத கலோரி தசையாக மாறுவதில்லை. ரத்தச் சர்க்கரை ஏறுகிறது, ஈரலில் கொழுப்பு படிகிறது, கரியமில வாயு அதிகம் உற்பத்தியாகி வென்டிலேட்டரிலிருந்து விடுவிப்பது கடினமாகிறது. குறைவாகக் கொடுப்பதைப் போலவே இதுவும் தீங்குதான்.

## காயத்தின் வழியே போகும் வெப்பத்தை மறுபடி கூட்ட வேண்டாம்

தோல் இல்லாத பரப்பிலிருந்து நீர் ஆவியாகிறது. ஒரு மில்லி லிட்டர் நீர் ஆவியாக ஏறக்குறைய 0.58 கலோரி வெப்பம் வேண்டும். பெரிய காயத்தில் ஒரு நாளைக்கு லிட்டர் கணக்கில் ஆவியாகும் என்பதால் இது சின்ன விஷயமல்ல. இதைக் கணக்கிட்டு, டொரொன்டோ விடையோடு சேர்த்துவிடலாமே என்று சில மாணவர்கள் முயல்கிறார்கள்.

சேர்க்கக் கூடாது. அந்தச் சமன்பாடு உண்மையான நோயாளிகளை அளந்து வந்தது. அவர்கள் காயங்களிலிருந்தும் நீர் ஆவியாகிக்கொண்டுதான் இருந்தது. அந்தச் செலவு தீக்காயச் சதவீத வரிக்குள் ஏற்கெனவே அடங்கிவிட்டது. இந்த இழப்புக்குப் பதில் உணவுத் தட்டில் இல்லை, அறையில் இருக்கிறது: அறையை 28 முதல் 32 டிகிரி வரை கதகதப்பாக வைத்து, காயத்தை மூடி வைத்தால், ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தில் ஒரு பங்கைச் சுற்றுப்புறமே தந்துவிடும்.

## புரதம்: இலக்கு வேறு, இழப்புக் கணக்கு வேறு

வயது வந்த தீக்காய நோயாளிக்கு ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 1.5 முதல் 2 கிராம் வரை புரதம் என்பதுதான் பொதுவான இலக்கு. நம் 60 கிலோ நோயாளிக்கு 90 முதல் 120 கிராம். காயம் பெரிது என்பதால் கிலோவுக்கு 1.9 வைத்து 114 கிராம் எழுதினார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

காயத்தின் வழியே போகும் புரதத்தை இந்த 114 கிராமோடு கூட்ட வேண்டுமா? இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயம் நினைவில் நிற்க வேண்டும் என்றால் அது இந்தக் கேள்விக்கான பதிலாக இருக்கட்டும். கூட்ட வேண்டாம். ஆரோக்கியமானவருக்குக் கிலோவுக்கு 0.8 கிராம் போதும் என்னும்போது இவருக்கு இரண்டு மடங்குக்கு மேல் வைத்ததே தசை உடைவதையும் காயக் கசிவையும் மனதில் கொண்டுதான். மறுபடி கூட்டினால் ஒரே செலவை இருமுறை எழுதியதாகிவிடும்.

அப்படியானால் காய இழப்பை எழுதுவது எதற்கு? வைத்த இலக்கு இந்த நோயாளிக்குப் போதுகிறதா என்று சோதிப்பதற்கு. அந்தச் சோதனையின் பெயர் நைட்ரஜன் சமநிலை. உள்ளே போன நைட்ரஜனிலிருந்து வெளியே போன நைட்ரஜனைக் கழிப்பது, அவ்வளவுதான். புரதத்தின் எடையில் சுமார் 16 சதவீதம் நைட்ரஜன் என்பதால், புரத கிராமை 6.25ஆல் வகுத்தால் நைட்ரஜன் கிடைக்கும்.

```
நைட்ரஜன் சமநிலை =
  (உண்மையில் உட்கொண்ட புரதம் ÷ 6.25)
  - (24 மணி நேரச் சிறுநீர் யூரியா நைட்ரஜன் + 4 + காய நைட்ரஜன்)
```

அந்த 4 கிராம், சிறுநீரில் யூரியா அல்லாத வடிவில் போவதற்கும், மலம், சாதாரணத் தோல் வழியாகப் போவதற்கும் சேர்த்து வைக்கும் தோராயமான தொகை. மற்ற நோயாளிகளுக்கு இதோடு கணக்கு முடிந்துவிடும். தீக்காய நோயாளிக்கு மட்டும் கடைசிப் பகுதி வேண்டும். அதற்குத் திறந்திருக்கும் காயத்தின் பரப்பை வைத்து ஒரு மதிப்பீடு உண்டு:

- திறந்த காயம் 10 சதவீதமோ அதற்குக் குறைவோ என்றால் கிலோவுக்கு 0.02 கிராம் நைட்ரஜன்
- 11 முதல் 30 சதவீதம் என்றால் கிலோவுக்கு 0.05 கிராம்
- 31 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் கிலோவுக்கு 0.12 கிராம்

இங்கே வேண்டியது இன்று திறந்திருக்கும் பரப்பு. கலோரிச் சமன்பாட்டில் முதல் நாள் சதவீதம், காய நைட்ரஜனில் இன்றைய சதவீதம். இரண்டும் மாறிப்போவதை அடிக்கடி பார்க்கலாம்.

## இன்று எவ்வளவு திறந்திருக்கிறது?

நம் நோயாளிக்கு 35 சதவீதம் வெந்திருந்தது. அதில் ஆழமில்லாத 5 சதவீதம் தானாக ஆறிவிட்டது. 5ஆம் நாள் அறுவை சிகிச்சையில் 9 சதவீதப் பரப்புக்கு ஒட்டுத்தோல் வைத்தார்கள், அது நன்றாகப் பிடித்துவிட்டது. ஆக 35 − 5 − 9 = 21 என்று எழுதிவிடத் தோன்றும்.

ஒன்று விட்டுப்போனது. ஒட்டுவதற்கான தோலைத் தொடையிலிருந்து எடுத்தார்கள். வலைபோல விரித்து ஒட்டியதால் 6 சதவீதப் பரப்பிலிருந்து எடுத்ததே போதுமானதாக இருந்தது. தோல் எடுத்த அந்த இடமும் ஆறும் வரை திறந்த காயம்தான், அங்கேயும் கசிவு உண்டு. எனவே சரியான எண் 21 + 6 = 27 சதவீதம். தீயில் வேகாத இடம் என்பதாலேயே பதிவில் இது விடுபடுகிறது. அறுவை சிகிச்சைக்கு மறுநாள் திறந்த பரப்பு குறைந்துவிட்டது என்று யாராவது சொன்னால், தோல் எடுத்த இடத்தைச் சேர்த்தார்களா என்று முதலில் கேளுங்கள்.

காய நைட்ரஜன்: 60 × 0.05 = 3.0 கிராம்.

இப்போது மீதிக் கணக்கு. 114 கிராம் புரதம் எழுதியிருந்தார்கள். மயக்கம் கொடுத்துக் கட்டு மாற்றுவதற்காகக் குழாய் வழி உணவைச் சில மணி நேரம் நிறுத்தினார்கள், உண்மையில் உள்ளே போனது 95 கிராம். 95 ÷ 6.25 = 15.2 கிராம் நைட்ரஜன். 24 மணி நேரச் சிறுநீரில் யூரியா நைட்ரஜன் 11 கிராம்.

காயத்தை எழுதாமல் பார்த்தால்: 15.2 − (11 + 4) = +0.2. சமநிலை. எல்லாம் நன்றாக இருக்கிறது, இப்படியே தொடரலாம் என்று தோன்றும்.

காயத்தை எழுதினால்: 15.2 − (11 + 4 + 3) = −2.8. ஒரு நாளைக்கு 2.8 கிராம் நைட்ரஜன் குறைகிறது. புரதமாகச் சொன்னால் 17.5 கிராம். ஒரு கிராம் நைட்ரஜன் ஏறக்குறைய 30 கிராம் தசைத் திசுவுக்குச் சமம் என்பதால், தினமும் 80 கிராமுக்கு மேல் கரைகிறது என்று பொருள். ஒரு வாரம் இப்படியே போனால் அரை கிலோவைத் தாண்டிவிடும். முதல் கணக்கில் இது கண்ணுக்கே படவில்லை.

27க்குப் பதில் பழைய 35ஐப் போட்டிருந்தால்? 60 × 0.12 = 7.2 கிராம். சமநிலை −7.0 என்று வரும். பதறிப்போய்ப் புரதத்தை 40 கிராமுக்கு மேல் ஏற்றியிருப்பார்கள். அதைக் கையாளச் சிறுநீரகம் படும் பாடு வேறு.

இப்போது என்ன செய்வது? குறை 17.5 கிராம். எழுதியதற்கும் உள்ளே போனதற்கும் இடையிலான வித்தியாசம் 114 − 95 = 19 கிராம். அதாவது இலக்கு தவறில்லை, அது போய்ச் சேரவில்லை. இலக்கைக் கூட்டுவதற்கு முன்பு, கட்டு மாற்றும் நாளில் நிறுத்திய உணவை மீதி மணி நேரங்களில் வேகம் கூட்டி ஈடுசெய்ய முடியுமா, உணவை நிறுத்தும் நேரத்தைக் குறைக்க முடியுமா என்று மயக்க மருத்துவரோடு பேச வேண்டும். இந்தக் கணக்கின் உண்மையான பயனே இதுதான் என்பது என் கருத்து. புரதம் போதவில்லை என்று தெரிவதோடு, எங்கே போதாமல் போனது என்பதும் தெரிகிறது.

சுருக்கமாக: திறந்த பரப்பு என்றால் ஆறாத காயமும், தோல் எடுத்த இடமும். பிடித்த ஒட்டுத்தோலைக் கழிக்க வேண்டும். எழுதிய உணவை அல்ல, உள்ளே போன உணவையே கணக்கில் போட வேண்டும்.

## பதிவில் என்ன எழுதுவது?

"கட்டு நனைந்திருந்தது, மாற்றப்பட்டது" என்ற வரி உணவியல் நிபுணருக்கு எதையும் சொல்வதில்லை. கொஞ்சம், அதிகம், மிக அதிகம் என்பவை எழுதுபவருக்கு எழுதுபவர் மாறும். அதே இடத்தில் இப்படி எழுதலாம்:

```
நாள் 10, காலை 6 முதல் மறுநாள் காலை 6 வரை
முதல் நாள் தீக்காயம்: 35%
இன்று திறந்தது: காயம் 21% + தோல் எடுத்த இடம் 6% = 27%
மதிப்பிட்டவர், நேரம்: கட்டு மாற்றும்போது, காலை 9
கட்டு: வலது கை, மார்பு; உலர் எடை 420 கி, கழற்றியபின் 780 கி, வித்தியாசம் 360 கி
உறிஞ்சு கலம்: இல்லை
உணவு: எழுதியது 2150 கலோரி, 114 கி புரதம்; சென்றது 1800 கலோரி, 95 கி
நிறுத்தியதற்குக் காரணம்: மயக்கத்தில் கட்டு மாற்றம்
சிறுநீர் சேகரிப்பு: முழுமை
```

திறந்த பரப்பை மதிப்பிடச் சரியான தருணம் கட்டைக் கழற்றியிருக்கும் நேரம் மட்டுமே. கட்டு போட்டபின் நினைவிலிருந்து எழுதினால் பழைய எண்ணையே மறுபடி எழுதுவார்கள். கட்டு மாற்றும் நர்ஸும் உணவியல் நிபுணரும் அந்த நேரத்தில் சேர்ந்து பார்ப்பது நல்லது.

கட்டை எடைபோடும் முறை எளிது. போடும் முன் எல்லாத் துணிகளையும் சேர்த்து எடை, கழற்றியபின் அதே துணிகளின் எடை, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் ஒரு கிராம் என்பது ஏறக்குறைய ஒரு மில்லி லிட்டர் கசிவு. ஆனால் துணியை உப்புநீரால் நனைத்துக் கழற்றினாலோ, நிறைய களிம்பு தடவியிருந்தாலோ அந்த எடை கசிவின் எடையல்ல. அப்படியான நாளில் எண்ணை எழுதாமல் காரணத்தை எழுதுவதே நேர்மை. இன்னொரு பக்கம், துணியில் ஊறிய நீரில் ஒரு பங்கு ஆவியாகிவிடும், அதிலிருந்த புரதம் துணியிலேயே தங்கிவிடும். ஆகவே எடை வித்தியாசத்தை நேரடியாகப் புரத கிராமாக மாற்ற முடியாது. அதன் பயன் போக்கைக் காட்டுவது: 360, 350, 340 என்று இறங்கிவந்தது திடீரென 600 ஆனால் தொற்று வந்திருக்கிறதா, ஒட்டுத்தோல் விலகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

உறிஞ்சும் கட்டு, அதாவது காயத்தின் மேல் காற்றுப்புகாமல் மூடி வெற்றிடத்தால் கசிவை ஒரு கலத்துக்கு இழுக்கும் கட்டு இருந்தால் நிலைமை நல்லது. கலத்தில் அளவு தெரியும், மாதிரி எடுத்து ஆய்வகத்தில் புரதம் அளக்கச் சொல்லலாம். கலத்தில் 400 மில்லி, லிட்டருக்கு 25 கிராம் புரதம் என்றால் 10 கிராம் புரதம், அதாவது 1.6 கிராம் நைட்ரஜன். அந்தக் கட்டின் கீழ் இருக்கும் பரப்புக்கு இந்த அளந்த எண்ணைப் போட்டால், அதே பரப்பைச் சதவீத மதிப்பீட்டில் மறுபடி சேர்க்கக் கூடாது. கழுவுவதற்காக உள்ளே செலுத்திய திரவம் இருந்தால், கலத்தின் மொத்த அளவையும் செலுத்தியதையும் தனித்தனியாக எழுத வேண்டும். ஆய்வகம் அளந்தது நீர்த்த மாதிரியை என்பதால், அதைக் கலத்தின் மொத்த அளவோடுதான் பெருக்க வேண்டும்.

## இந்த எண்களை எவ்வளவு நம்பலாம்?

நைட்ரஜன் சமநிலை எப்போதும் ஒரே பக்கம் சாயும் தராசு. உள்ளே போனதைக் கொஞ்சம் அதிகமாகவும் வெளியே போனதைக் கொஞ்சம் குறைவாகவும் மதிப்பிடுவோம், ஏனென்றால் சிந்திய உணவும் வாந்தியும் பதிவில் விடுபடும், சிறுநீரும் ஒரு முறை தவறிப்போகும். ஆகவே +0.2 போன்ற விடையை நான் சமநிலை என்று எடுத்துக்கொள்ள மாட்டேன். சிறுநீரகம் சரியாக வேலை செய்யாதவருக்கு இந்தக் கணக்கே பொருந்தாது, யூரியா சிறுநீருக்கு வராமல் ரத்தத்திலேயே தேங்கிவிடும்.

சதவீத அடுக்குகளும் முரட்டுத்தனமானவை. 30இலிருந்து 31க்கு மாறும்போது நம் நோயாளிக்கு 3.0 கிராம் திடீரென 7.2 ஆகிறது. காயம் அப்படிக் குதிப்பதில்லை. எல்லைக்கு அருகில் இருக்கும்போது இரண்டு விடைகளையும் எழுதி, எடையும் காயம் ஆறும் வேகமும் எந்தப் பக்கம் சொல்கின்றன என்று பார்ப்பது நல்லது.

ரத்தத்தில் ஆல்புமின் குறைந்தால் புரதம் போதவில்லை என்று பொருள் கொள்வது பரவலான பழக்கம். பெரிய தீக்காயத்தில் அது பயன்படாது. அழற்சியின்போது ஈரல் ஆல்புமின் உற்பத்தியைக் குறைத்து வேறு புரதங்களைச் செய்கிறது, குழாய்களிலிருந்து கசிவதும் சேர்ந்துகொள்கிறது. எவ்வளவு நன்றாக உணவு கொடுத்தாலும் முதல் வாரங்களில் அது தாழ்ந்தே இருக்கும்.

வாரத்துக்கு ஒரு முறையாவது கணக்கைப் புதிதாகப் போட வேண்டும். அறுவை சிகிச்சைக்குப் பின்னும், காய்ச்சல் வந்தாலும், கசிவு மாறினாலும் அதற்கு முன்பே போட வேண்டும். நம் நோயாளிக்கு 24ஆம் நாள் மீதமிருந்தது 8 சதவீதம் திறந்த காயம், தோல் எடுத்த இடங்கள் ஆறிவிட்டன. காய நைட்ரஜன் 60 × 0.02 = 1.2 கிராம். உணவு இப்போது தடையின்றிப் போவதால் உள்ளே சென்றது 110 கிராம் புரதம், அதாவது 17.6 கிராம் நைட்ரஜன். சிறுநீர் யூரியா நைட்ரஜன் 11.5. சமநிலை 17.6 − (11.5 + 4 + 1.2) = +0.9. தராசு நமக்குச் சாதகமாகச் சாயும் என்பதால் இதையும் நல்ல செய்தி என்று முடிவுகட்டாமல், அந்த வாரத்தின் எடை காயத்துக்கு முந்தைய 60 கிலோவிலிருந்து எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். வீக்கம் வடிந்தபின் 54க்குக் கீழே போயிருந்தால், அதாவது 10 சதவீதத்துக்கு மேல் இழந்திருந்தால், சமநிலை நேர்மறையாக இருந்தாலும் புரதத்தையும் கலோரியையும் குறைக்கும் நேரம் இன்னும் வரவில்லை.